சீட் ரவுண்டுல எத்தனை பர்சென்ட் குடுக்கறது, "ஏன் இந்த விலை"ன்னு கேட்டா என்ன சொல்றது: நாங்க போட்ட கணக்கு

முதல் ரவுண்டு எடுக்கப்போறவங்க என்கிட்ட கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "வேல்யூவேஷன் எவ்ளோ சொல்லலாம்?" அதுக்கு அவங்க ஏற்கனவே ஒரு எக்செல் ஷீட்டு வச்சிருப்பாங்க, அஞ்சு வருஷ வருமானத்தை ஊகிச்சு, டிஸ்கவுன்ட் ரேட் போட்டு இன்னைக்கு மதிப்புக்கு கொண்டுவந்து, கடைசில தசம புள்ளியோட ஒரு நம்பர். வருமானமே இப்பதான் எட்டிப்பாக்க ஆரம்பிச்ச கம்பெனிக்கு அந்த ஷீட்டால ஒரு பிரயோஜனமும் இல்லைங்க. வளர்ச்சி விகிதத்தை ஒரு செல்லுல லேசா தட்டினா விடை எங்கயோ போய் நிக்கும், அது முதலீட்டாளருக்கும் நல்லாவே தெரியும், அதனால அந்த ஷீட்டை அவங்க திறந்துகூட பாக்க மாட்டாங்க.

நாங்க பண்ணது தலைகீழா. வேல்யூவேஷனை கடைசில வச்சுட்டு, எவ்ளோ காசு வேணும், எதுக்கு வேணும்னு ஆரம்பிச்சோம். நம்பர் எல்லாத்தையும் கொஞ்சம் மாத்தி, ரவுண்டாக்கித்தான் சொல்றேன், கரன்சி எதுவா வேணா நினைச்சுக்கோங்க, கணக்கு மாறாது.

சின்ன கிளினிக்குகளுக்கு பில்லிங், அப்பாயின்ட்மென்ட் பாத்துக்கற சாஃப்ட்வேர் எங்களோடது. அப்ப 75 கிளினிக் கஸ்டமரா இருந்தாங்க, ஒவ்வொருத்தரும் மாசம் சராசரி 4,000, ஆக மாச வருமானம் 3 லட்சம். அடுத்த ரவுண்டு முதலீட்டாளர்கிட்ட போய் நிக்கும்போது என்ன காட்டினா பேச்சு நடக்கும்னு, அந்த அளவு ரவுண்டு முடிச்ச ரெண்டு மூணு ஃபவுண்டர்கிட்ட கேட்டப்ப, மாசம் 12 லட்சம் பக்கத்துல இருக்கணும்னு சொன்னாங்க. அப்படின்னா 300 கிளினிக், அதாவது இன்னும் 225. எங்க ஒரே சேல்ஸ் ஆள் மாசம் 8 கிளினிக் முடிச்சாரு, மூணு பேர் இருந்தா 24. மாசா மாசம் 2% பேர் விட்டுட்டு போறாங்க, அதையும் கழிக்கணும். புதுசா சேர்ற சேல்ஸ் ஆள் முதல் மூணு மாசம் பெருசா ஒண்ணும் முடிக்க மாட்டாரு, அதையும் வச்சு பாத்தா 300ஐ தொட சுமாரா 15 மாசம் ஆகும்னு வந்துச்சு. அடுத்த ரவுண்டு காசு கைக்கு வர்ற வரைக்கும் தாங்கணுமே, அதுக்கு இன்னொரு 5 மாசம் (12வது மாசத்துலயே பேச ஆரம்பிச்சுடணும், இல்லைன்னா அந்த 5 மாசமும் பத்தாது). ஆக 20 மாசம். வருமானம் போக மாசம் சராசரி 10 லட்சம் கையை கடிக்கும். 2 கோடி.

இந்த 2 கோடிதான் அசல் நம்பர், மத்தது எல்லாம் இதுல இருந்து வர்றதுதான். சீட்டுல பொதுவா 15ல இருந்து 25 பர்சென்ட் வரைக்கும்தான் போகும், 20ஐ சுத்திதான் நிறைய டீல் முடியும். 2 கோடிய 20%க்கு குடுத்தா காசு உள்ள வந்த அப்புறம் மதிப்பு, அதாவது போஸ்ட்-மணி, 10 கோடி. அதுல அந்த 2ஐ கழிச்சா ப்ரீ-மணி 8 கோடி. 15%ன்னா போஸ்ட் 13.3 கோடி, 25%ன்னா 8 கோடி. இந்த 8க்கும் 13.3க்கும் நடுவுலதான் பேரம், இதுக்கு வெளிய பேசறது எல்லாம் ரெண்டு பக்கமும் நேரத்தை வீணாக்கற வேலை.

சரி, 13.3 கேக்க வேண்டியதுதானே, எதுக்கு 10ல நிக்கணும்? என் கோ-ஃபவுண்டர் அதைத்தான் சொன்னான், "அதிகமா கேளு, அவங்க குறைப்பாங்க, நடுவுல முடியும்"னு. நான் ஒத்துக்கலை. காரணம் அடுத்த ரவுண்டு.

300 கிளினிக் வந்துட்டா வருஷ வருமானம் 1.44 கோடி. எங்க மாதிரி சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு அந்த நேரத்துல வருஷ வருமானத்துக்கு 15 மடங்குன்னு பேச்சு இருந்துச்சு (இது மார்க்கெட்டுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும், நீங்க எடுக்கற நேரத்துல என்னன்னு கேட்டுக்கோங்க). அப்படின்னா அடுத்த ரவுண்டு ப்ரீ-மணி 21.6 கோடி. இப்ப வர்ற முதலீட்டாளர் 10 கோடில வாங்கியிருந்தா அவருக்கு ரெண்டு மடங்குக்கு மேல, 13.3ல வாங்கியிருந்தா 1.6 மடங்கு. ஆனா எல்லாம் நினைச்சபடி நடக்காதே. 300க்கு பதிலா 200 கிளினிக்லயே நின்னுட்டோம்னு வைங்க, வருஷத்துக்கு 96 லட்சம், 15 மடங்குன்னா 14.4 கோடி. 10ல வாங்கினவருக்கு அப்பவும் லாபம், பேச்சு நிம்மதியா நடக்கும். 13.3ன்னா மூச்சு முட்டும், மூணுல ஒரு பங்கு குறைஞ்ச கம்பெனிக்கு யாரும் முழு 15 மடங்கு குடுக்க மாட்டாங்க, 13 மடங்குன்னு சொன்னாலே 12.5 கோடி, போன ரவுண்டு விலையை விட கம்மி, அதாவது டவுன் ரவுண்டு ஆயிடும்.

டவுன் ரவுண்டுங்கிறது மானப் பிரச்சினை மட்டும் இல்லை. டேர்ம் ஷீட்டுல ஆன்டி-டைல்யூஷன்னு ஒரு பிரிவு இருக்கும், விலை குறைஞ்சா பழைய முதலீட்டாளருக்கு கூடுதல் பங்கு போகும், அது ஃபவுண்டர் பங்குல இருந்துதான் போகும். பிராட்-பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்னு இருந்தா அடி கொஞ்சமா விழும், ஃபுல் ராட்செட்னு இருந்தா அவங்க போன ரவுண்டுலயே புது குறைஞ்ச விலைக்கு வாங்கின மாதிரி மொத்தத்தையும் திருத்துவாங்க. ரெண்டாவது வார்த்தையை எங்க பாத்தாலும் பேனாவை கீழ வச்சுடுங்க.

அதனால எவ்ளோ கேட்டா கிடைக்கும்னு நான் பாக்கலை, நினைச்சதுல மூணுல ஒரு பங்கு தவறினாலும் அடுத்த ரவுண்டுல தாண்டற மாதிரி இருக்கற விலை எதுன்னு பாத்தேன். எங்களுக்கு அது போஸ்ட் 10.

இப்ப இதை எப்படி நியாயப்படுத்தினோம்னு வரேன். முதல்ல சீரியஸா பேசின ஃபண்ட்ல இருந்த பார்ட்னர், கால்குலேட்டரை தட்டிட்டு நேரா கேட்டாங்க, "உங்க வருஷ வருமானம் 36 லட்சம். எட்டு கோடின்னா 22 மடங்கு. நீங்களே 15 மடங்குதான் மார்க்கெட்னு சொல்றீங்க. நான் ஏன் 22 தரணும்? ஆறு கோடி ப்ரீ-மணின்னா வரேன்."

நியாயமான கேள்விதான். இதுக்கு "எங்க மார்க்கெட் ரொம்ப பெருசு மேடம்"னு பதில் சொன்னா அதோட முடிஞ்சுது, ஏன்னா அது எல்லா ஸ்லைடு டெக்குலயும் இருக்கற வாக்கியம். நான் காட்டினது ஒரு சாதாரண டேபிள். இடது பக்கம் கிளினிக் சேர்ந்த மாசம், மேல ஒண்ணாவது மாசம், ரெண்டாவது மாசம்னு, உள்ள எத்தனை பேர் இன்னும் காசு கட்டறாங்கன்னு. எங்க டேபிள்ல முதல் ரெண்டு மாசத்துல கொஞ்சம் பேர் கழண்டுக்குவாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய நேர்கோடா போகும், ஏன்னா ஒரு தடவை பழைய பேஷன்ட் ரெகார்டு எல்லாம் உள்ள வந்துட்டா யாரும் வேற சாஃப்ட்வேருக்கு மாற மாட்டாங்க. அந்தம்மா அந்த டேபிளை மட்டும் அரை மணி நேரம் பாத்தாங்க, ஒரு வரில நடுவுல திடீர்னு இறங்கியிருந்ததை பிடிச்சு "இது என்ன?"ன்னு கேட்டாங்க. ஒரே நபர் வச்சிருந்த நாலு கிளினிக், அவர் பிசினஸையே வித்துட்டாருன்னு சொன்னேன், குறிச்சுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் சொன்னேன், "மேடம், நீங்க இன்னைக்கு இருக்கற 75 கிளினிக்க வாங்கலை. ஒரு சேல்ஸ் ஆள் மாசம் எட்டு கிளினிக் முடிக்கறாரு, வந்தவங்க போக மாட்டேங்கறாங்க, இது ரெண்டும் நிரூபணம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு ஆள் போட்டா அதே மாதிரி நடக்குமாங்கறது மட்டும்தான் பாக்கி. அந்த ஒரு சந்தேகம்தான் 22க்கும் 15க்கும் நடுவுல நிக்குது." பொதுவாவே ஆரம்பகட்ட வேல்யூவேஷனுக்கு நியாயம் சொல்றதுன்னா இதுதான்னு நினைக்கறேன், எந்தெந்த ரிஸ்க் தீர்ந்துடுச்சு, எது பாக்கி, இந்த காசு எந்த ரிஸ்கை தீர்க்கும். அதுக்கு ஆதாரம் கையில இருக்கணும், வாய்ல இருந்தா பத்தாது.

அவங்க பக்கத்து கணக்கையும் போட்டு வச்சுக்கறது நல்லது. 20% வாங்கறாங்க, ஆனா பின்னால ரெண்டு ரவுண்டு தலா 20% டைல்யூட் ஆனா அது 12.8% ஆயிடும். போட்ட 2 கோடி பத்து மடங்கா, 20 கோடியா திரும்பி வரணும்னா கம்பெனி சுமார் 156 கோடிக்கு விக்கணும். இதை நீங்களே போட்டு பாருங்க, உங்க பிசினஸ் அந்த உயரத்துக்கு போகுமாங்கறதுக்கு உங்களுக்கே மனசுல பதில் இல்லைன்னா, எவ்ளோ பர்சென்ட் குடுக்கறதுங்கற பேச்சே வேணாம், ஃபண்டு காசு உங்க பிசினஸுக்கு சரிப்படாது, கடனோ கஸ்டமர் அட்வான்ஸோ பாருங்க.

ரெண்டு வாரம் கழிச்சு டேர்ம் ஷீட் வந்துச்சு. ப்ரீ-மணி 8 கோடி! என் கோ-ஃபவுண்டர் ட்ரீட் கேட்டுட்டான். ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு, ரவுண்டு முடிஞ்ச பிறகு மொத்த பங்குல 10% ஆப்ஷன் பூலா இருக்கணும், அது ப்ரீ-மணிக்குள்ளயே அடக்கம்னு.

இதைத்தான் எல்லாரும் தவற விடறது, அதனால மெதுவா சொல்றேன். ஆப்ஷன் பூல்னா வரப்போற ஊழியர்களுக்காக ஒதுக்கி வைக்கற பங்கு. போஸ்ட் 10 கோடில முதலீட்டாளருக்கு 20%, பூலுக்கு 10%, மிச்சம் 70% எங்க பக்கம், அதாவது 7 கோடி. நாங்க இதுவரைக்கும் கட்டின கம்பெனிக்கு அவங்க உண்மைல குடுக்கற விலை 7 கோடிதான், பேப்பர்ல மட்டும் 8. ஆறுல இருந்து எட்டுக்கு ஏத்தின மாதிரி ஏத்திட்டு, பூல் வழியா ஒண்ணை திரும்ப எடுத்துக்கிட்டாங்க. இதுல ஏமாத்து வேலை ஒண்ணும் இல்லை, எல்லா ஃபண்டும் இப்படித்தான் கேக்கும். ஆனா அந்த பூல்ல செலவாகாம மிஞ்சற பங்கும் எங்க பங்குல இருந்து போனதுதான், அடுத்த ரவுண்டுல அது எல்லாருக்கும் பொதுவான லாபமா மாறிடும்.

அதே சமயம் இன்னொரு சின்ன ஃபண்ட் ப்ரீ-மணி 7.5 கோடி சொல்லியிருந்தாங்க, இப்ப பூல் வேணாம், தேவைப்படும்போது எல்லாரும் சேர்ந்து டைல்யூட் ஆகிக்கலாம்னு. பாத்தா குறைச்சலான ஆஃபர். கணக்கு போட்டா, 9.5 கோடி போஸ்ட்ல அவங்களுக்கு 21%, எங்களுக்கு 79%. நாளைக்கே 10% பூல் போட்டாலும் எங்களுக்கு 71% நிக்கும். 8 கோடி ஆஃபர்ல 70. பெரிய நம்பர்தான் சின்ன ஆஃபர்!

பூலை குறைக்கறதுக்கு "10 ஜாஸ்தி, 5 வைங்க"ன்னு பேரம் பேசினா நடக்காது. அடுத்த 20 மாசத்துல யாரை எடுக்கப்போறோம்னு ஒரு லிஸ்ட் எழுதினோம். ஒரு சீனியர் இன்ஜினியர் 1.5%, சேல்ஸ் லீட் 1%, இன்னும் மூணு பேர் தலா 0.4%. மொத்தம் 3.7%. எதிர்பாராத ஆளுக்கு கொஞ்சம் சேத்து 5%. லிஸ்ட்டை அனுப்பி, இதுக்கு மேல யாரை எடுக்கணும்னு நினைக்கறீங்க, எழுதுங்கன்னு கேட்டோம். ரெண்டு நாள்ல 5க்கு ஒத்துக்கிட்டாங்க. இப்ப எங்க பக்கம் 75%, நிஜ ப்ரீ-மணி 7.5 கோடி. அந்த சின்ன ஃபண்ட் ஆஃபர்லயும் 5% பூல் போட்டா சரியா அதே 75%தான் வரும், அதனால விலையை ஓரமா வச்சுட்டு மத்த ஷரத்துகளை வச்சு ஆளை தேர்ந்தெடுக்க முடிஞ்சுது.

இதுவரைக்கும் "எங்க பக்கம்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அதுக்குள்ள பழைய ஏஞ்சல் காசும் ஒளிஞ்சிருக்கு. ஆரம்பத்துல ஒருத்தர்கிட்ட 30 லட்சம், 3 கோடி கேப். இன்னொருத்தர்கிட்ட 20 லட்சம், 4 கோடி கேப். ரெண்டும் சேஃப் ஒப்பந்தம், அதாவது காசு இப்ப, பங்கு அடுத்த ரவுண்டுல, அந்த பங்கை கணக்கு போடறப்ப கம்பெனி மதிப்பை எவ்ளோக்கு மேல வைக்கக்கூடாதுங்கற வரம்புதான் கேப். ஒய் காம்பினேட்டர் 2013ல இந்த சேஃபை கொண்டுவந்துச்சு, 2018ல போஸ்ட்-மணி வகைக்கு மாத்துச்சு. இந்த மாற்றம் ரொம்ப முக்கியம், போஸ்ட்-மணி கேப்புன்னா 30 லட்சத்தை 3 கோடியால வகுத்தா வர்ற 10% அன்னைக்கே பூட்டப்பட்டாச்சு, அடுத்து 20 லட்சம் வாங்கினா அதோட 5%, முதல் ஏஞ்சலை தொடாம முழுக்க ஃபவுண்டர் பங்குல இருந்துதான் போகும். ஒவ்வொரு சின்ன செக்கும் தனியா பாத்தா வலிக்காது, அதனால இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னு வாங்கிட்டே போயி, ரவுண்டு வரும்போதுதான் கூட்டி பாக்கறவங்க நிறைய பேர். எங்களோடது 15%. அப்ப 75%ல 15% அவங்களுக்கு, அதாவது 11.25%, ஃபவுண்டர் ரெண்டு பேருக்கும் சேத்து 63.75%.

ஒவ்வொரு ஆஃபரையும் இங்கயே நிறுத்தாம இன்னொரு ரவுண்டு தள்ளி ஓட்டி பாக்கணும். அடுத்த ரவுண்டுல 20% புது முதலீட்டாளர், 5% பூல் டாப்-அப்னு வச்சா எங்க 63.75% ஏறக்குறைய 48% ஆகும். முதல்ல பேசின 6 கோடி ப்ரீ-மணி, கூடவே 10% பூல்னு ஒத்துக்கிட்டிருந்தா? முதலீட்டாளர் 25, பூல் 10, மிச்சம் 65ல ஏஞ்சல் போக 55%, அடுத்த ரவுண்டுக்கு அப்புறம் 41%. சீட்டுல ஒரு வரில நடக்கற விஷயம் அங்க போய் ஏறக்குறைய ஆறரை பர்சென்ட்டா நிக்குது.

கடைசியா ஒரு திருப்பம். பூல் முடிஞ்சதும் என் கோ-ஃபவுண்டர் விடாம இன்னும் விலை ஏத்த பாத்தான், அந்தம்மா சிரிச்சுக்கிட்டே "ஒன்பது கோடி தரேன், பார்ட்டிசிபேட்டிங் ப்ரிஃபரன்ஸ் போடலாமா?"ன்னாங்க. அதுவரைக்கும் இருந்தது 1x நான்-பார்ட்டிசிபேட்டிங், அதாவது கம்பெனி வித்தா அவங்க போட்ட 2 கோடிய எடுத்துக்கலாம், இல்லைன்னா தன் பர்சென்ட்டை எடுத்துக்கலாம், எது அதிகமோ அது, ஒண்ணுதான். பார்ட்டிசிபேட்டிங்னா முதல்ல 2 கோடியையும் எடுத்துட்டு மிச்சத்துலயும் பங்கு. வெளிய வந்து மொபைல்லயே கணக்கு போட்டோம். 9 கோடி ப்ரீ-மணின்னா அவங்களுக்கு 18.2%. கம்பெனி 12 கோடிக்கு வித்தா 2 கோடியும், மீதி 10ல 1.82ம், ஆக 3.82 கோடி. பழைய 8 கோடி டீல்ல அதே விற்பனைக்கு 2.4 கோடிதான். சரி, பெருசா வித்தா லாபமாச்சும் உண்டான்னு 100 கோடிக்கு போட்டா பழைய டீல்ல அவங்களுக்கு 20, புதுசுல 19.8. பேப்பர்ல ஒரு கோடி கூட்டி வாங்கினதுக்கு பெரிய விற்பனைல கிடைக்கறது 20 லட்சம், சின்ன விற்பனைல போறது ஒண்ணே கால் கோடிக்கு மேல, அதுவும் ஆரம்பகட்ட கம்பெனி விக்கறதுன்னா சின்ன விலைக்கு விக்கறதுதான் அதிகம்.

எட்டு கோடிலயே, நான்-பார்ட்டிசிபேட்டிங், 5% பூலோட கையெழுத்து போட்டோம். டேர்ம் ஷீட் வந்த அன்னைக்கே வக்கீல்கிட்ட ஓடாம, இந்த மாதிரி 12, 30, 100 கோடின்னு மூணு விற்பனை விலை போட்டு யாருக்கு எவ்ளோ போகுதுன்னு ஒரு ஷீட்டு நீங்களே போட்டுடுங்க, வக்கீல் ஷரத்தை பாப்பாரு, இந்த கணக்கை அவரு போட மாட்டாரு.